குடோனில் மீதமிருக்கும் 15 டன்: ஃபிஃபோவா, சராசரியா?

*காங்கேயத்தில் கொப்பரை மொத்த வியாபாரம், பார்ட்னர்ஷிப். 2024-25 கணக்கை ஃபிஃபோ முறையில் போட்டால் ஒரு லாபம் வருகிறது, டேலியில் சராசரி முறையில் பார்த்தால் 30 லட்சத்துக்கு மேல் குறைகிறது. சரக்கும் அதேதான், பில்லும் அதேதான். எதுதான் நிஜ லாபம்? வரி குறைகிறதே, சராசரிக்கே மாறிவிடலாமா?*

உங்கள் வியாபாரத்தைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி ஒரு கணக்குப் போடுகிறேன். விலைகள் அந்த வருடம் கொப்பரை போன போக்கை ஒட்டியவை. வகுத்தால் முழு எண் வரட்டும் என்று கொஞ்சம் சரிசெய்திருக்கிறேன். 2024 ஏப்ரல் 1 அன்று குடோனில் 10 டன் இருந்தது, அடக்கம் கிலோ 90 ரூபாய். முந்தைய வருடம் விலை பெரிதாக அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம்; ஆகவே எந்த முறையில் போட்டாலும் ஆரம்ப இருப்பு 90தான்.

| மாதம் | வரவு | விலை | மதிப்பு | விற்பனை |
|---|---|---|---|---|
| ஏப்ரல் 1 இருப்பு | 10,000 கிலோ | 90 | 9,00,000 | |
| மே, ஜூன் | | | | 10,000 கிலோ |
| ஜூலை | 20,000 கிலோ | 105 | 21,00,000 | |
| ஆகஸ்ட், செப்டம்பர் | | | | 15,000 கிலோ |
| அக்டோபர் | 20,000 கிலோ | 120 | 24,00,000 | |
| நவம்பர் – ஜனவரி | | | | 15,000 கிலோ |
| பிப்ரவரி | 10,000 கிலோ | 150 | 15,00,000 | |
| மார்ச் | | | | 5,000 கிலோ |

மொத்தம் 60 டன், அடக்கம் 69,00,000. விற்றது 45 டன், விற்ற பணம் 57,00,000. மார்ச் 31 அன்று மீதி 15 டன்.

இதுவரை யாரும் சண்டை போட முடியாது. எல்லாவற்றுக்கும் பில் இருக்கிறது, வங்கிக் கணக்கில் பதிவு இருக்கிறது. பில் சொல்லாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். இந்த 69 லட்சத்தில் விற்றுப்போன 45 டன்னுக்கு எவ்வளவு, குடோனில் கிடக்கும் 15 டன்னுக்கு எவ்வளவு? மூட்டைக்கு மூட்டை விலைச்சீட்டு ஒட்டி வைத்திருந்தால் இந்தக் கேள்வியே எழாது. கொப்பரையில் அது நடக்காது, எல்லாம் ஒரே குவியல். அதனால் ஏதாவது ஒரு விதி வைத்துப் பிரித்துக்கொள்கிறோம்.

ஃபிஃபோ என்றால் முதலில் வந்தது முதலில் போனதாகக் கொள்வது. அப்படியானால் மீதி 15 டன் கடைசியாக வந்தவையாக இருக்க வேண்டும்: பிப்ரவரியின் 10 டன் 15,00,000, அக்டோபரின் 5 டன் 6,00,000, ஆக 21,00,000. விற்ற சரக்கின் அடக்கம் 48,00,000. மொத்த லாபம் 9,00,000.

டேலி காட்டும் சராசரியில் 69,00,000ஐ 60,000ஆல் வகுக்கிறோம், கிலோ 115. மீதி 15 டன்னுக்கு 17,25,000. விற்றதன் அடக்கம் 51,75,000, மொத்த லாபம் 5,25,000. ஃபிஃபோவுக்கும் இதற்கும் 3,75,000 வித்தியாசம். உங்கள் அளவில் 37 லட்சத்துச் சொச்சம். நீங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். சராசரி முறையிலேயே இரண்டு வகை உண்டு, பலரும் அதைக் கவனிப்பதில்லை. மேலே போட்டது வருடம் முழுவதற்கும் ஒரே சராசரி. இன்னொன்று நகரும் சராசரி. ஒவ்வொரு முறை லோடு இறங்கும்போதும், அப்போது கையில் இருக்கும் சரக்கோடு அதைக் கலந்து புது விலை போடுவது. அதையும் போட்டுவிடுவோம்.

ஜூனோடு பழைய 10 டன் காலி. ஜூலையில் 105க்கு வந்த 20 டன்னில் 15 டன் போக மீதி 5 டன், மதிப்பு 5,25,000. அக்டோபரில் 24,00,000க்கு 20 டன் சேர, 25 டன்னுக்கு 29,25,000, கிலோ 117. அதில் 15 டன் போக மீதி 10 டன், 11,70,000. பிப்ரவரியில் 15,00,000 சேர, 20 டன்னுக்கு 26,70,000, கிலோ 133.50. மார்ச்சில் 5 டன் போக மீதி 15 டன், 20,02,500. மொத்த லாபம் 8,02,500.

பார்த்தீர்களா? ஃபிஃபோவுக்கும் நகரும் சராசரிக்கும் இடைவெளி 97,500தான். நகரும் சராசரிக்கும் வருடச் சராசரிக்கும் இடைவெளி 2,77,500. அதாவது நீங்கள் ஃபிஃபோவுக்கும் சராசரிக்கும் நடுவே இருப்பதாக நினைக்கும் வித்தியாசத்தில் முக்கால் பங்கு, சராசரியை எப்போது போடுகிறோம் என்பதிலிருந்து வருகிறது. காரணமும் எளிது. 90 ரூபாய்ச் சரக்கு ஜூனிலேயே தீர்ந்து குடோன் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் வருடச் சராசரியில் அந்த 90 ரூபாய், மார்ச் 31 அன்று கிடக்கும் மூட்டைகளின் விலையைக் கீழே இழுக்கிறது. அந்த மூட்டைகள் எதிலும் அந்தச் சரக்கு ஒரு கைப்பிடிகூட இல்லை.

வருமான வரிக்கு இருப்பை மதிப்பிடும் விதியான ஐசிடிஎஸ் 2 இரண்டு சராசரிகளையும் ஏற்கிறது, ஆனால் சூழ்நிலைக்கு ஏற்றபடி என்ற சொல்லோடு. விலை தட்டையாக இருக்கும் வருடத்தில் இரண்டும் ஒட்டியே வரும், யாரும் கேட்க மாட்டார்கள். ஒரே வருடத்தில் 90 எங்கே, 150 எங்கே என்று ஏறிய வருடத்தில் வருடச் சராசரி போட்டால், ஏன் என்று கேட்பவரிடம் சொல்ல ஒரு பதில் வேண்டும். டேலியில் அப்படித்தான் வந்தது என்பது பதிலாகாது.

உங்கள் டேலி எந்தச் சராசரி போடுகிறது என்று நீங்களே பார்க்கலாம். `Stock Summary` திறந்து ஒரு சரக்கை எடுங்கள். ஆரம்ப இருப்பின் மதிப்பையும் வருட வரவின் மதிப்பையும் கூட்டி, இரண்டின் கிலோவால் வகுங்கள். திரையில் இறுதி இருப்பின் விலை அச்சாக அதுவே என்றால் அது வருடச் சராசரி. சரக்கின் பதிவில் `Costing Method` என்ற இடத்தில் `Avg. Cost` இருந்தால் பெரும்பாலும் இதைத்தான் பார்ப்பீர்கள். யாரும் தேர்ந்தெடுத்துப் போட்டதாக இருக்காது. சரக்கைப் பதியும்போது தானாக வந்து உட்கார்ந்தது.

சரி, எது நிஜம்? பணத்தை எண்ணிப் பார்ப்போம். வருடத்தில் கொள்முதலுக்குக் கொடுத்தது 60 லட்சம். சம்பளம், வாடகை, கூலி எல்லாம் சேர்த்துச் செலவு 3 லட்சம் என்று வையுங்கள். வந்தது 57 லட்சம். கடன் பாக்கி எதுவும் இல்லை என்றால் கையிருப்பு 6 லட்சம் குறைந்திருக்கிறது. எந்த முறையில் கணக்கு எழுதினாலும் இந்த 6 லட்சம் மாறாது. ஆனால் ஃபிஃபோ நிகர லாபம் 6 லட்சம் என்கிறது, வருடச் சராசரி 2,25,000 என்கிறது. வருட லாபம் 6 லட்சம் என்ற தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படியென்றால் ஓவர்டிராஃப்ட் ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்காத பார்ட்னரை நான் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் 9 லட்சமாக இருந்த சரக்கு 21 லட்சமாகக் குடோனில் நிற்கிறது. லாபமும் குறைந்த பணமும் சேர்ந்து அந்த 12 லட்சத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

முறையால் நேரடியாகப் பணம் மாறும் இடம் வரி. பார்ட்னர்ஷிப்புக்கு 30 சதவீதமும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்ந்து 31.2. 3,75,000க்கு வரி 1,17,000. பார்ட்னர் சம்பளத்துக்கான வரம்பும் லாபத்தைப் பொறுத்து மாறும், அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

ஆனால் அந்த 1,17,000 மிச்சமாகுமா? அடுத்த வருடத்துக்குப் போவோம். புதிதாக எதுவும் வாங்காமல் அந்த 15 டன்னை 160க்கு விற்றுத் தீர்த்தீர்கள், 24 லட்சம். ஃபிஃபோவில் ஆரம்ப இருப்பு 21 லட்சம், லாபம் 3,00,000. வருடச் சராசரியில் ஆரம்ப இருப்பு 17,25,000, லாபம் 6,75,000. இரண்டு வருடத்தைக் கூட்டினால் அங்கேயும் 12 லட்சம், இங்கேயும் 12 லட்சம். நகரும் சராசரியிலும் 8,02,500ம் 3,97,500ம் சேர்ந்து அதே 12தான். ஒரு வருட இறுதி இருப்பு அடுத்த வருட ஆரம்ப இருப்பு என்பதால் இதிலிருந்து தப்ப வழியில்லை. வரி தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

நடைமுறையில் யாரும் சரக்கைத் தீர்த்துவிட்டுக் கடையைப் பூட்டுவதில்லை. அப்போது என்ன ஆகும் என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். விலை ஏறிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு வருடமும் ஃபிஃபோவில் 3,75,000 கூடுதல் லாபம் வரும் என்று நினைக்கிறார்கள். வராது. ஒரு வருட லாபத்தைத் தொடுவது இடைவெளி கூடியதா குறைந்ததா என்பதுதான். 2026 மார்ச்சில் இரண்டு முறைக்கும் இடையே இருப்பு மதிப்பில் 4,00,000 இடைவெளி இருக்கிறது என்றால், அந்த வருட ஃபிஃபோ லாபம் வெறும் 25,000தான் கூடுதல். இடைவெளி 1,00,000ஆகச் சுருங்கினால் அந்த வருடம் ஃபிஃபோ லாபம் 2,75,000 குறைவாக வரும். விலை திடீரென்று எகிறிய வருடத்தில்தான் வித்தியாசம் கண்ணில் அடிக்கும். உங்களுக்கு 2024-25 அப்படிப்பட்ட வருடம். 2024 பருவத்துக்கு அரைவைக் கொப்பரையின் ஆதார விலை குவிண்டாலுக்கு 11,160 ரூபாய். வருடத் தொடக்கத்தில் அந்த விலைக்கே வெளியில் ஆள் இல்லை; வருடம் முடிவதற்குள் சந்தை அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

ஒரே ஒருவருக்கு மட்டும் இது தள்ளிப்போகிற விஷயம் இல்லை: மார்ச் 31 அன்று விலகிப்போகும் பார்ட்னர். அவருக்கு அடுத்த வருடம் கிடையாது. தன் பங்கு லாபத்தைக் குறைந்த இருப்பு மதிப்பில் வாங்கிக்கொண்டு போனால், குறைந்த தொகை மீதி இருக்கிறவர்களுக்குப் போய்ச் சேரும். உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தில் சரக்கை எப்படி மதிப்பிடுவது என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி விலை இறங்கினால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் இருப்பை அடக்க விலையில் வைப்பதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. கணக்குப் புத்தகத்துக்கான தரமான ஏஎஸ் 2 ஆனாலும் வரிக்கான ஐசிடிஎஸ் 2 ஆனாலும், அடக்கம் அல்லது விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான். மார்ச் 31 அன்று விற்றால் செலவு போகக் கிலோவுக்கு 125தான் தேறும் என்று வையுங்கள். 15 டன்னுக்கு 18,75,000. ஃபிஃபோவின் 21,00,000 இதற்கு இறங்க வேண்டும். நகரும் சராசரியின் 20,02,500ம் இறங்க வேண்டும். வருடச் சராசரியின் 17,25,000 ஏற்கெனவே கீழே இருப்பதால் அப்படியே நிற்கும். 3,75,000 இடைவெளி 1,50,000ஆகிவிட்டது. ஏறிய விலையில் ஃபிஃபோ காட்டிய லாபம், விலை திரும்பியதும் முதலில் அடிபடுகிறது. இதைச் சரக்குவாரியாகப் பார்க்க வேண்டும். கொப்பரையில் வந்த குறைவை எண்ணெயில் இருக்கும் லாபத்தோடு கழித்து மறைக்கக் கூடாது. நீங்கள் கொப்பரையை விற்காமல் ஆட்டி எண்ணெயாக்குகிறவர் என்றால் கதை வேறு: எண்ணெய் அதன் அடக்கத்துக்குக் குறையாமல் விற்கும் என்றால் கொப்பரை விலை இறங்கியது என்பதற்காக இருப்பைக் குறைக்க வேண்டியதில்லை.

மேலே ஏறுவதற்கு மட்டும் இந்த விதி கிடையாது. சந்தை 160 என்றாலும் இருப்பு அடக்கத்தைத் தாண்டாது. விற்காத சரக்கின் விலையேற்றத்தை லாபமாக்கி வரி போடுவது இறுதி இருப்பைக் காட்டுவதன் நோக்கமில்லை என்று உச்ச நீதிமன்றம் 1953இலேயே சைன்ரூப் சம்பத்ராம் வழக்கில் சொல்லிவிட்டது. அது வெள்ளிக்கட்டி வியாபாரிகளின் வழக்கு, ஆனால் அதில் உள்ள வாதம் உங்கள் கொப்பரைக்கும் அப்படியே பொருந்தும்.

கடைசியாக வந்தது முதலில் போனதாகக் கொள்ளும் லிஃபோ முறையைப் பற்றி யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் அதற்கு இன்னும் இடம் இருக்கிறது, இங்கே 1999இல் ஏஎஸ் 2 திருத்தப்பட்டபோதே போய்விட்டது. டேலியின் பட்டியலில் இருப்பதால் மட்டும் அது செல்லுபடியாகாது.

இப்போது மாறலாமா என்ற கேள்வி. நீங்கள் இதுவரை எந்த முறையில் கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். வரித் தணிக்கை ஆகியிருந்தால் 3சிடி படிவத்தின் 14ஆவது பத்தியில் ஆடிட்டர் எழுதியிருப்பார், பழைய படிவங்களை எடுத்துப் பாருங்கள். அங்கே ஃபிஃபோ என்று இருந்தால், நியாயமான காரணம் இல்லாமல் மாற்றக் கூடாது என்பது ஐசிடிஎஸ் 2. வரி குறைகிறது என்பது அந்தக் காரணம் ஆகாது. குடோனும் பதிவு முறையும் மாறின, லாட் வாரியாகப் பிரித்து வைக்க முடியவில்லை என்பதெல்லாம் காரணமாகலாம், அது உண்மையாக இருந்தால். மாற்றினால் அதன் விளைவு எத்தனை ரூபாய் என்பதையும் கணக்கில் குறிப்பிட வேண்டும்.

மாறும் வருடத்தின் கணக்கும் விகாரமாக இருக்கும். ஆரம்ப இருப்பை நீங்கள் புது முறைக்குத் திருத்த முடியாது, போன வருடம் கொடுத்த இறுதி மதிப்பே வர வேண்டும். ஆக ஆரம்பம் ஃபிஃபோவில், முடிவு சராசரியில். முன்பு சொன்ன 2026 மார்ச் எடுத்துக்காட்டில், முதலிலிருந்தே சராசரியில் இருந்திருந்தால் அந்த வருட வித்தியாசம் 25,000தான். அந்த வருடம் மாறினால் முழு 4,00,000மும் ஒரே வருட லாபத்தில் விழும். ஆரம்ப விலையும் இறுதி விலையும் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதைப் பார்த்தாலே அதிகாரிக்குத் தெரிந்துவிடும்.

டேலியிலும் இதற்கு ஒரு பொறி இருக்கிறது. `Costing Method`ஐ மாற்றினால் அது இன்றிலிருந்து மட்டும் மாறாது, பழைய வருட அறிக்கைகளும் புது முறையில் திரும்பக் கணக்கிடப்படும். ஒரு எண்ணெய் வியாபாரியின் கணக்கில் நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டில் இறுதி இருப்பு ஒன்று, அதே தேதிக்கு டேலியில் வேறொன்று, யாரும் எந்த பில்லையும் தொடவில்லை. மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் கம்பெனியை பேக்கப் எடுத்து அந்த நகலில் பாருங்கள். நீங்கள் ஏற்கெனவே மூலத்தில் மாற்றிப் பார்த்திருந்தால், 2024 மார்ச் 31 இருப்பு தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டோடு ஒட்டுகிறதா என்று முதலில் சரிபாருங்கள்.

அப்புறம் சரக்கு காய்வது. கொப்பரை குடோனில் காய்ந்து எடை இறங்கும், எந்த முறை போட்டாலும் அதற்கு முன் எடை சரியாக இருக்க வேண்டும். புத்தகத்தில் 15,000 கிலோ, தராசில் 14,700 என்றால், ஃபிஃபோவில் அந்த 300 கிலோ பழைய லாட்டிலிருந்து, நம் கணக்கில் 120 ரூபாய்ச் சரக்கிலிருந்து போகிறது. நகரும் சராசரியில் 133.50இல் போகிறது. தொகை சின்னது, ஆனால் எடை போடாமல் விட்டுவிட்டு ஃபிஃபோவா சராசரியா என்று விவாதிக்கிறவர்கள் உண்டு.

உங்கள் பழைய படிவங்களில் ஃபிஃபோ இருந்தால் அதிலேயே இருங்கள் என்பேன். சராசரி என்று மட்டும் எழுதியிருந்தால், எந்தச் சராசரி என்று பழைய இருப்புத் தாளை வகுத்துப் பார்த்துக் கண்டுபிடியுங்கள். எதுவும் தெளிவாக இல்லை, இப்போதுதான் ஒழுங்கு செய்கிறீர்கள் என்றால், ஒரே குவியலாகக் கொட்டி வைக்கும் கொப்பரைக்கு என் தேர்வு நகரும் சராசரி. வங்கிக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலும் அதே விலையைப் போடுங்கள். அங்கே சந்தை விலை 150 என்று 22,50,000 காட்டிவிட்டு பேலன்ஸ் ஷீட்டில் 17,25,000 காட்டினால், லிமிட் புதுப்பிக்கும் நேரத்தில் மேலாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.